தணிக்கை அறிக்கையின் 31ஆம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை: ஒரு பத்தியைத் திருத்தி எழுதுவது பற்றி

ஆலைத் தணிக்கை | 3 ஜூன் 2025

கோவை மாவட்டத்து நூற்பாலை ஒன்றில் உள்தணிக்கை செய்கிறேன். நிர்வாக இயக்குநரும் பிரிவு மேலாளர்களும் ஒரே அறிக்கையைப் படிக்க வேண்டும் என்பதால் தமிழில்தான் எழுதுகிறோம். 2024 நவம்பரில் 46 பக்க அறிக்கை ஒன்றைக் கொடுத்தேன். அதன் 31ஆம் பக்கத்தில் 14ஆம் பத்தி இவ்வாறு இருந்தது:

"சப்ளையர்களின் வங்கிக் கணக்கு விவரங்களில் மேற்கொள்ளப்படும் மாற்றங்கள் தொடர்பான கட்டுப்பாடுகள் மாதிரி அடிப்படையில் ஆய்வு செய்யப்பட்டதில், சில நேர்வுகளில் உரிய சரிபார்ப்புக்கான ஆவணச் சான்றுகள் முழுமையாகக் கிடைக்கப்பெறாமை கவனிக்கப்பட்டது. இக்கட்டுப்பாட்டை வலுப்படுத்துவது குறித்து நிர்வாகம் பரிசீலிக்கலாம்."

2025 பிப்ரவரியில் உதிரி பாகம் தரும் சப்ளையர் ஒருவரின் பெயரில் எங்கள் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் வந்தது. முகவரியில் ஓர் எழுத்து மட்டுமே வேறு. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வார வெள்ளிக்கிழமைப் பட்டுவாடாவில் 11,60,000 ரூபாய் அந்தக் கணக்குக்குப் போயிற்று. இணையவழிப் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணில் புகார் செய்ததில் ஒரு பகுதி மட்டும் முடக்கப்பட்டது.

இந்த ஆபத்தை முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன் என்று நிர்வாக இயக்குநரிடம் 31ஆம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இதில் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

இந்தப் பத்தியை எப்படி எழுதியிருக்க வேண்டும்? எளிய மொழி வேண்டும் என்று பொதுவாகச் சொல்லாமல், பின்பற்றத்தக்க விதிகளாகச் சொல்லுங்கள்.

புதுப்பேரேடு | 3 ஜூன் 2025

46 பக்கம் என்பதே முதல் குற்றம். ஒரு பக்கச் சுருக்கம், ஒவ்வொரு குறைக்கும் மூன்று வரி, செயப்பாட்டு வினைக்கு முழுத் தடை. இவை மூன்றும் போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சப்ளையர் வங்கிக் கணக்கு மாற்றங்கள் சரிபார்க்கப்படுவதில்லை. பண இழப்பு அபாயம் மிக அதிகம். உடனடி நடவடிக்கை தேவை."

முப்பதாண்டுக் கணக்கு | 4 ஜூன் 2025

புதுப்பேரேடு எழுதியது குறுகியிருக்கிறது, ஆனால் தெளியவில்லை. மூன்று வரியையும் படித்த நிர்வாகி தொலைபேசியை எடுத்து யாரை அழைப்பார், என்ன செய்யச் சொல்வார்? "உடனடி நடவடிக்கை" என்பதும் பழைய பத்தியின் "பரிசீலிக்கலாம்" என்பதும் செயலைச் சொல்லாமல் விடுவதில் ஒன்றேதான். செயப்பாட்டு வினையைத் தடை செய்தவரின் முதல் வாக்கியத்திலேயே "சரிபார்க்கப்படுவதில்லை" என்று அது வந்து அமர்ந்திருப்பதையும் பாருங்கள். தமிழில் அலுவலக நடையாக எழுதத் தொடங்கினால் "-ப்பட்டது" கை தானாக எழுதிவிடும் சொல்.

தடை என்பதை நான் ஏற்கவில்லை. செய்தவர் யார் என்று தணிக்கையாளருக்கே தெரியாத இடங்கள் உண்டு. பூட்டு உடைக்கப்பட்டிருந்தது என்றுதான் எழுத முடியும். செய்ய வேண்டியவர் யார் என்று தெரிந்தும் அவரை வாக்கியத்திலிருந்து நீக்கும்போதுதான் செயப்பாட்டு வினை தவறாகிறது. அங்கே பதவியை எழுவாயாக வையுங்கள். "கணக்குப் பிரிவு மாற்றுகிறது" என்று எழுதினால் பொறுப்பு எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஆளின் பெயர் வேண்டாம். பெயரைக் கண்டால் படிப்பவர் முறையை விட்டுவிட்டு ஆளைத் திருத்தப் போய்விடுவார்.

அடுத்தது, தமிழ் வாக்கியத்தின் அமைப்பு. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கில அறிக்கையில் நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வினை வந்துவிடுவதால், படிப்பவர் பாதியில் நிறுத்தினாலும் ஏதோ தெரிந்திருக்கும். தமிழில் பாதியில் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. உங்கள் பத்தியில் "கவனிக்கப்பட்டது" என்ற சொல்லை அடையும் வரை நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே தெரியவில்லை. அடைந்த பிறகும், கவனித்தது நீங்கள் என்பதைத் தவிர அந்த வினை எதையும் சொல்லவில்லை. "கவனிக்கப்பட்டது", "காணப்படுகிறது", "தெரியவருகிறது" ஆகிய மூன்றையும் அடித்துவிட்டு, எஞ்சியதை வாக்கியமாக்க முயலுங்கள். ஆலையில் என்ன நடக்கிறது என்பதே வினையாக வரும்.

கடைசியாக, "சில", "உரிய", "முழுமையாக" என்ற சொற்கள். சில என்றால் எத்தனை? உரிய சரிபார்ப்பு என்றால் எது? இந்தக் கேள்விகளுக்கு விடை, தணிக்கையின்போது நீங்கள் குறித்து வைத்த வேலைத்தாள்களில் இருக்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் குறை மொழியில் இல்லை, தணிக்கையில் இருக்கிறது.

ஆலைத் தணிக்கை | 4 ஜூன் 2025

வேலைத்தாள்களில் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 212 கணக்கு மாற்றங்கள். 40 பார்த்தேன். 27இல் சப்ளையரை அழைத்துக் கேட்டதற்கான பதிவு இல்லை. 27/40 என்பதை 68 சதவீதம் என்று தலைப்பிலேயே போடலாமா?

முப்பதாண்டுக் கணக்கு | 4 ஜூன் 2025

அந்த 40ஐ எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஆலைத் தணிக்கை | 4 ஜூன் 2025

அதிகத் தொகை பெறும் சப்ளையர்களாகப் பார்த்து எடுத்தேன்.

முப்பதாண்டுக் கணக்கு | 5 ஜூன் 2025

அப்படியானால் 68 சதவீதம் வேண்டாம். பெரிய தொகைகளை மட்டும் எடுத்துவிட்டு சதவீதம் போட்டால், 212க்கும் அதே விகிதம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். "அதிகத் தொகை பெறும் 40 சப்ளையர்களைப் பார்த்தோம், 27 பேர் விஷயத்தில்" என்று எழுதுங்கள். வாக்கியம் சற்று நீளும், நீளட்டும்.

இன்னொன்று. பதிவு இல்லை என்பதும் அழைக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. அழைத்துவிட்டு எழுதி வைக்காமல் விட்டிருக்கலாம். எளிமையாக்குகிறேன் என்று "அழைக்கவில்லை" என எழுதினால், கணக்குப் பிரிவுத் தலைவர் ஒரே ஓர் அழைப்புக்குச் சான்று காட்டி முழுப் பத்தியையும் தள்ளிவிடுவார். நான் 1990களில் ஒரு பண்டக அறிக்கையில் இப்படித்தான் ஒரு சொல்லை மாற்றி எழுதி, கூட்டத்தில் விளக்க முடியாமல் நின்றேன்.

சட்டத்தணிக்கை | 5 ஜூன் 2025

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒத்து வருமா என்று ஐயமாக இருக்கிறது. தணிக்கை அறிக்கையின் வாசகத்தை நாம் விருப்பப்படி மாற்ற முடியாது. எஸ்ஏ 700 தரநிலை வடிவத்தை வகுத்திருக்கிறது. கருத்துரைப் பத்தியில் ஒரு சொல்லை மாற்றினாலும் அதன் பொருள் மாறிவிடும்.

முப்பதாண்டுக் கணக்கு | 5 ஜூன் 2025

நீங்கள் சொல்வது பங்குதாரர்களுக்குச் செல்லும் சட்டமுறைத் தணிக்கை அறிக்கையைப் பற்றி. அங்கே நீங்கள் சொல்வது சரி. இங்கே பேசுவது நிர்வாகத்துக்குக் கொடுக்கும் உள்தணிக்கை அறிக்கையைப் பற்றி; அதற்கு வகுத்த வாசகம் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் எஸ்ஏ 700 வழியாகவே ஒரு பாடம் கிடைக்கிறது. அது திருத்தப்பட்டு 2018 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளின் தணிக்கைகளுக்கு நடைமுறைக்கு வந்தபோது, அறிக்கையின் பிற்பகுதியில் இருந்த கருத்துரை முதல் பத்தியாக மேலே வந்தது. படிப்பவர் தேடுவது முடிவைத்தான் என்பதை அவ்வளவு இறுக்கமான வடிவமும் ஏற்றுக்கொண்டது.

சட்டத்தணிக்கை | 6 ஜூன் 2025

கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். நாங்கள் நிர்வாகத்துக்குத் தனியாக எழுதும் கடிதத்துக்கு இது பொருந்தும். அதில் நானும் "வலுப்படுத்தலாம்" என்றுதான் ஆண்டுதோறும் எழுதி வருகிறேன்.

ஆலைத் தணிக்கை | 9 ஜூன் 2025

கணக்குப் பிரிவில் இரண்டு பேரிடம் உட்கார்ந்து பேசினேன். பதிவு இல்லாத 27இல் எதற்கும் அழைக்கவில்லை என்று இருவரும் சொன்னார்கள். ஏன் என்பதையும் சொன்னார்கள். மாற்றக் கடிதங்கள் பெரும்பாலும் வியாழக்கிழமை வருகின்றன. வெள்ளி மதியத்துக்குள் பட்டுவாடாக் கோப்பை வங்கியில் ஏற்ற வேண்டும். கணக்கு எண் மாறாமல் பணம் திரும்பி வந்தால் சப்ளையர் சத்தம் போடுவார், மேலாளர் இவர்களைக் கேட்பார். அழைக்காமல் விட்டதற்கு இதுவரை யாரும் கேட்டதில்லை. முதல் அறிக்கை எழுதியபோது இந்தக் காரணத்தை நான் கேட்கவே இல்லை.

புதிய வரைவு:

"மின்னஞ்சலை மட்டும் நம்பிச் சப்ளையரின் வங்கிக் கணக்கை மாற்றுகிறோம்.
அதிகத் தொகை பெறும் 40 சப்ளையர்களின் மாற்றங்களைப் பார்த்தோம். 27இல் சப்ளையரை அழைத்துக் கேட்டதற்குப் பதிவு இல்லை. அழைக்கவில்லை என்று கணக்குப் பிரிவினர் எங்களிடம் கூறினர். வெள்ளிக்கிழமைப் பட்டுவாடாவுக்கு முன் மாற்றத்தை முடிக்க வேண்டியிருப்பதே காரணம். போலி மின்னஞ்சல் ஒன்றால் 2025 பிப்ரவரியில் 11.6 லட்சம் ரூபாய் போயிற்று. இனிக் கணக்குப் பிரிவுத் தலைவர், சப்ளையரைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்த பிறகே மாற்றத்துக்கு ஒப்புதல் தருவார். தொடக்கம்: 1 ஜூலை 2025."

புதுப்பேரேடு | 9 ஜூன் 2025

நான் எழுதியதைவிட இது நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வங்கிகள் பெறுநர் பெயரைக் காட்டும் வசதியை ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டுக்கும் 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதே. பெயர் தெரிந்துவிட்டால் இந்தக் குறையே காலாவதியாகிவிடாதா?

ஆலைத் தணிக்கை | 10 ஜூன் 2025

ஒவ்வொன்றாக அனுப்புகிறவருக்கு அது நல்ல வசதி. நாங்கள் நூற்றுக்கணக்கான வரிகளை ஒரே கோப்பாக ஏற்றுகிறோம். அந்த வழியில் யாரும் பெயரைப் பார்ப்பதில்லை. தவிர, சப்ளையரின் பெயரைப் போன்ற பெயரிலேயே கணக்குத் திறந்திருந்தால் பெயர் ஒத்துப்போகும். இதைப் பத்தியில் ஒரு வரியாகச் சேர்க்க நினைத்து விட்டுவிட்டேன். நிர்வாகி கேட்டால் சொல்ல வேலைத்தாளில் வைத்திருக்கிறேன்.

நிதிப் பொறுப்பு | 12 ஜூன் 2025

நான் இந்த அறிக்கைகளைப் பெறுகிற பக்கத்தில் இருப்பவன். மாதம் நான்கைந்து வரும். எப்படிப் படிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

முதலில் தலைப்புகளை மட்டும் பார்ப்பேன். "சப்ளையர் மேலாண்மை", "கொள்முதல் கட்டுப்பாடுகள்" என்ற தலைப்புகள் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவை கோப்பு அட்டையில் எழுதும் பெயர்கள். "மின்னஞ்சலை மட்டும் நம்பிச் சப்ளையரின் வங்கிக் கணக்கை மாற்றுகிறோம்" என்ற தலைப்பைக் கண்டால் நிறுத்திப் படிப்பேன். முழு வாக்கியமாக, வினையோடு இருக்கும் தலைப்புதான் என்னை நிறுத்துகிறது. பிறகு என்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று தேடுவேன். எனக்குத் தெரிவிக்கிறார்களா, நான் முடிவெடுக்க வேண்டுமா? ஆள் வேண்டும், பணம் வேண்டும், ஒரு வாடிக்கையை நிறுத்த வேண்டும் என்றால் அதை நேராகச் சொல்லுங்கள்.

உங்கள் வரைவில் ஒரு முடிவு மறைந்திருக்கிறது. அழைத்து உறுதி செய்ய நேரம் வேண்டுமென்றால், வியாழக்கிழமை வரும் மாற்றம் அந்த வார வெள்ளிக்கிழமைப் பட்டுவாடாவில் சேரக் கூடாது. அப்படியானால் சில சப்ளையர்களுக்குப் பணம் ஒரு வாரம் தள்ளிப் போகும். அதற்குச் சம்மதம் தர வேண்டியவர் கணக்குப் பிரிவுத் தலைவர் அல்ல, நிர்வாக இயக்குநர். அதை எழுதாமல் 1 ஜூலை என்று தேதி போட்டால் தேதி மட்டும்தான் வரும்.

தடைப்பத்தி | 13 ஜூன் 2025

உள்ளாட்சி நிதித் தணிக்கையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். உங்கள் பிரச்சினை எங்களுக்கு இன்னும் பெரிது. எங்கள் தணிக்கைத் தடைகள், அதாவது செலவுகள் மீது நாங்கள் எழுப்பும் ஆட்சேபங்கள், பத்து, பதினைந்து ஆண்டுகள் நிலுவையில் நிற்கும். "உரிய விதிமுறைகள் பின்பற்றப்படாமல் செலவினம் மேற்கொள்ளப்பட்டுள்ளது. ஆவணங்களை முன்னிலைப்படுத்தித் தடையை நிவர்த்தி செய்யவும்" என்று எழுதுவோம். எந்த விதி, எந்த ஆவணம் என்று எழுத மாட்டோம். இடமாறி வரும் புதிய அலுவலர் அதைப் படித்துவிட்டு எதைத் தேடுவது என்று தெரியாமல் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் போடுவார். அடுத்த ஆண்டும் அதே தடை, அதே பதில்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் நான் வேறு விதமாக எழுதினேன். "தெருவிளக்குப் பொருத்திய பணிக்கு 3,42,000 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அளவுப் புத்தகத்தில் 40 கம்பங்களுக்குப் பதிவு இருக்கிறது; பட்டியலில் 52 கம்பங்கள். மீதி 12 கம்பங்களின் அளவுப் பதிவைக் காட்டுங்கள், இல்லையென்றால் அதற்கான தொகையை ஒப்பந்ததாரரிடம் வசூலியுங்கள்." இப்படி எழுதிய தடைகளில் பல அதே ஆண்டில் முடிந்தன. ஆனால் மேலதிகாரி ஒருவர், இது தணிக்கை நடை அல்ல, மரியாதைக் குறைவாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அவரிடம் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

முப்பதாண்டுக் கணக்கு | 13 ஜூன் 2025

"காட்டுங்கள்" என்பதில் மரியாதை குறையவில்லை. ஆனால் அந்த மேலதிகாரி சொன்னதில் ஒரு துளி நியாயமும் உண்டு. தணிக்கையாளர் கட்டளையிடுகிறவர் அல்ல. நிர்வாகம் ஒப்புக்கொண்டதை எழுதுகிறவர். வரைவைக் கையில் வைத்துக்கொண்டு பேசி, அவர்கள் ஒப்புக்கொண்ட செயலை அவர்கள் சொன்ன சொற்களில் எழுதினால், ஏவல் வினைக்கே தேவை இருக்காது. "கணக்குப் பிரிவுத் தலைவர் ஒப்புதல் தருவார்" என்று ஆலைத் தணிக்கை எழுதியது அவ்வகை. 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் இருக்கும் உலகளாவிய உள்தணிக்கைத் தரநிலைகளும், குறையைச் சரிசெய்யும் பொறுப்பாளரையும் முடிக்கத் திட்டமிட்ட தேதியையும் இறுதி அறிக்கையில் குறிக்க வேண்டும் என்கின்றன.

நிதிப் பொறுப்பு சொன்ன பட்டுவாடாத் தாமதத்தை நான் கவனிக்கத் தவறினேன். என்னுடைய விதிகள் எல்லாம் வாக்கியத்தைப் பற்றியவை. அவர் கேட்டது முடிவைப் பற்றியது.

ஆலைத் தணிக்கை | 27 ஜூன் 2025

நிர்வாக இயக்குநர் ஒரே சந்திப்பில் முடித்தார். வியாழன், வெள்ளியில் வரும் கணக்கு மாற்றங்கள் அடுத்த வாரத்துக்குப் போகும் என்று கையெழுத்திட்டார். பத்தியைப் படிக்க அவர் எடுத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

ஆலைத் தணிக்கை | 21 ஆகஸ்ட் 2025

ஜூலை மாத மாற்றங்களைச் சரிபார்த்தேன். 19 மாற்றங்கள். 19இலும் அழைப்புப் பதிவு இருக்கிறது. மகிழ்ச்சியோடு பதிவேட்டைப் புரட்டியபோது ஓர் எண் எனக்குப் பொருந்தாமல் பட்டது. எடுத்துப் பார்த்தால், 8 அழைப்புகள் மாற்றம் கேட்டு வந்த அதே மின்னஞ்சலின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணுக்குப் போயிருக்கின்றன. மோசடி செய்கிறவன் தன் எண்ணைத்தானே அங்கே எழுதுவான்? அந்த எட்டும் உண்மையான சப்ளையர்களாக இருந்தது எங்கள் நல்வாய்ப்பு.

கணக்குப் பிரிவு தவறு செய்யவில்லை. "சப்ளையரைத் தொலைபேசியில் அழைத்து" என்று நான் எழுதியதை அவர்கள் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார்கள். எந்த எண்ணில் என்பதை நான் எழுதவில்லை. முதல் வரைவுக்கு முன் என் குறிப்பேட்டில் "நம்மிடம் ஏற்கெனவே பதிவில் உள்ள எண்" என்று எழுதியிருந்தேன். வாக்கியம் நீள்கிறது என்று அடித்துவிட்டேன். கட்டுப்பாடு முழுவதும் அந்த ஐந்து சொற்களில்தான் இருந்தது.

புதுப்பேரேடு | 21 ஆகஸ்ட் 2025

இப்படியென்றால் எதை அடிப்பது, எதை விடுவது என்று எப்படித் தெரியும்?

முப்பதாண்டுக் கணக்கு | 22 ஆகஸ்ட் 2025

அடித்த பிறகு, அந்த வேலையைச் செய்யப் போகும் எழுத்தரிடம் வாக்கியத்தைக் கொடுத்து, "நாளைக் காலை இப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வீர்கள், படிப்படியாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வார். "மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்குப் போடுவேன்" என்று அவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எளிய மொழிக்கான ஐஎஸ்ஓ 24495-1 தரநிலை 2023இல் வந்தது. படிப்பவர் தாம் படித்ததைக் கொண்டு செயல்பட முடிகிறதா என்பதை அதுவும் ஓர் அளவுகோலாக வைக்கிறது. நிர்வாகி படித்தார், கையெழுத்திட்டார் என்பது பாதிச் சோதனைதான்.

நிதிப் பொறுப்பு | 22 ஆகஸ்ட் 2025

இதில் ஒரு பகுதியை மறுக்கிறேன். எந்த எண்ணில் அழைப்பது என்பது நடைமுறைக் குறிப்பில் இருக்க வேண்டியது. அறிக்கையில் இந்த அளவு விவரம் சேர்ந்தால், 30 குறைகள் உள்ள அறிக்கை மீண்டும் 46 பக்கத்தில் போய் நிற்கும்.

ஆலைத் தணிக்கை | 23 ஆகஸ்ட் 2025

30 குறைகளுக்கும் வேண்டாம். ஆனால் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் செயல் பயனற்றுப் போகுமானால், அந்தச் சொல் நிர்வாகியின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது இப்போது என் எண்ணம். நடைமுறைக் குறிப்பை எங்கள் ஆலையில் யாரும் திறப்பதில்லை. உங்கள் நிறுவனத்தில் திறப்பார்கள் என்றால் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம்.

தடைப்பத்தி | 23 ஆகஸ்ட் 2025

குறைகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை போடுகிறீர்களா? எங்களிடம் இல்லை. இருந்திருந்தால் ஆணையர் சிவப்பை மட்டுமாவது படித்திருப்பார் என்று தோன்றுகிறது.

நிதிப் பொறுப்பு | 24 ஆகஸ்ட் 2025

போடுகிறார்கள். கூட்டத்தின் பாதி நேரம், சிவப்பை ஏன் மஞ்சளாக மாற்றக் கூடாது என்று வாதிடுவதில் போகிறது. நான் நிறத்தை நம்புவதில்லை.

முப்பதாண்டுக் கணக்கு | 24 ஆகஸ்ட் 2025

நான் நம்புகிறேன். எதை முதலில் படிப்பது என்று அது சொல்லிவிடும். அந்த வாதம் நடப்பதும் தவறல்ல. வாதிடுவதற்காகவாவது பத்தியைப் படிப்பார்கள்.

ஆலைத் தணிக்கை | 18 நவம்பர் 2025

செப்டம்பரிலிருந்து செயல் வாக்கியம் இப்படி இருக்கிறது:

"கணக்குப் பிரிவுத் தலைவர், மாற்றம் கேட்ட கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே பதிவில் உள்ள எண்ணில் சப்ளையரை அழைத்து உறுதி செய்வார், பேசியவர் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதிய பிறகே மாற்றத்துக்கு ஒப்புதல் தருவார்."

இம்முறை எழுத்தர்கள் இருவரிடமும் படிக்கக் கொடுத்து, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒருவர் சரியாகச் சொன்னார். மற்றவர், "பதிவில் உள்ள எண்ணில் யாரும் எடுக்கவில்லை என்றால்?" என்று கேட்டார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 31 மாற்றங்கள். 28இல் பழைய எண்ணில் அழைத்திருக்கிறார்கள். மூன்றில் பழைய எண் வேலை செய்யவில்லை. கணக்குப் பிரிவு அந்த மூன்று மாற்றங்களையும் நிறுத்தி வைத்திருக்கிறது. அவற்றில் ஒரு சப்ளையர் தினமும் எங்கள் கொள்முதல் பிரிவை அழைத்துப் பணம் கேட்கிறார். கொள்முதல் மேலாளர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்பது ஒரு யோசனை. கொள்முதல் பிரிவே உறுதி செய்தால், வாங்கும் பிரிவுக்கும் பணம் தரும் பிரிவுக்கும் இடையிலான பிரிப்பு கலைந்துவிடும் என்பது என் தயக்கம். வரும் திங்கட்கிழமை நிர்வாக இயக்குநரிடம் இதை ஒரே கேள்வியாக எழுதிக் கொடுக்கப் போகிறேன்: "பழைய எண் வேலை செய்யாத சப்ளையரை, கொள்முதலைச் சேராத யார் உறுதி செய்வார்?"